பழைய மோட்டாரும் புதிய வேகமும்

பலமுறை காயில் கட்டிய பழைய 20 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று, ஆண்டுக்கு 6000 மணி நேரம் ஆலையின் பம்பைச் சுழற்றி வருவதாகக் கொள்வோம். பழைய சுருளை அகற்ற அதை மிகுந்த உஷ்ணத்தில் எரிக்கும்போது இரும்புத் தகடுகளின் காப்புப் பூச்சு சிதைவதால், அதன் திறன் 87 சதவீதமாகத் தாழ்ந்திருக்கக்கூடும், ஐ.இ.3 வகுப்பு மோட்டாரோ ஏறக்குறைய 92 சதவீதம் தரும். பம்புக்கு 12 கிலோவாட் சக்தி வேண்டுமெனில் மணிக்கு முக்கால் யூனிட், ஆண்டுக்கு 4500 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாயும் மோட்டார் 72,000 ரூபாயுமானால் போட்ட முதல் இரண்டே ஆண்டில் திரும்பும்.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிப் பணம் போடுவோரை நினைத்து எனக்கு மெய்யாகவே விசாரமுண்டு. புதிய மோட்டார் சற்று விரைவாகச் சுழலும். பம்பு இழுக்கும் சக்தியோ வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயரும். 1440 சுற்று 1465 ஆனால், 12 கிலோவாட் 12.6 ஆகிவிடுகிறது, மிச்சமென்று கருதியது பெரும்பாலும் கரைந்து, கூடுதலாகப் பாயும் நீராக மாறுகிறது. தொட்டி நிரப்பும் பம்பாயின் ஓடும் நேரம் சிறிது குறையும். வால்வை நெரித்து ஓட்டும் பம்பாயின் அந்தக் கூடுதல் சக்தி விரயமே. ஆகவே மாற்றுமுன் டேக்கோமீட்டரால் பழைய வேகத்தை அளந்து, புதியதன் பெயர்ப்பலகை வேகத்தோடு ஒப்பிட்டு, 250 மில்லிமீட்டர் இம்பெல்லராயின் விட்டத்தில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டரைக் கடைசலில் குறைத்துவிட வேண்டுமென்று நான் வற்புறுத்துவேன்.