போத்தலின் பின்பக்கம்

கெட்டம்பேயில் பீடைகொல்லிப் பதிவாளரின் அலுவலகத்தை எத்தனையோ தடவை பஸ்ஸில் கடந்திருக்கிறேன். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி, மருந்துப் போத்தலின் லேபலில் என்ன இருக்கலாம் என்பது அங்கேதான் முடிவாகிறது. அந்த லேபலை வாசிப்பது எவ்வளவு பாடு என்று தெரிந்தது, மாரஸ்ஸனையில் மரக்கறி போடும் மனைவியின் தம்பி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிய அன்றுதான்.

"அத்தான், போஞ்சிக்கு ஒரு லீற்றருக்கு எவ்வளவு? எத்தனை நாளில பிடுங்கலாம்? எழுத்து பொடிசாக் கிடக்கு."

கையடக்கமான போத்தலில் மூன்று மொழியை அடைத்தால் பொடிசாகத்தான் கிடக்கும். படத்திலிருந்த எழுத்தைப் போனில் பிரித்தெடுத்தேன். அட்டவணையின் கட்டங்கள் குலைந்து, பயிர்ப் பெயர்கள் ஒரு குவியலாகவும் எண்கள் இன்னொரு குவியலாகவும் வந்தன. எந்த எண் எந்தப் பயிருக்கு என்று தெரியவில்லை. நாள் என்ற சொல்லோடு வந்தது ஒரே ஒரு 7. ஏழு நாள் என்று பதில் அடிக்கப் போனவன், ஏனோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த 7 அட்டவணைக்குக் கீழே ஒரு வாக்கியத்தில் இருந்தது. நோய் தொடர்ந்தால் 7 நாள் கழித்து மறுபடி தெளிக்கலாம் என்பது அதன் பொருள். பிடுங்குவதற்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள் அட்டவணையின் கடைசிப் பத்தியில்; அது போத்தலின் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

"நிழலில வச்சு, கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி நாலு படம் எடு. பிளாஷ் வேண்டாம்" என்றேன்.

இந்தமுறை போஞ்சி வரிசை முழுதாகத் தெரிந்தது: 10 லீற்றர் தண்ணீருக்கு 8 மி.லீ., கடைசித் தெளிப்புக்குப் பிறகு 14 நாள். லீற்றருக்கு 0.8, அவனுடைய 16 லீற்றர் டாங்கிக்கு 12.8 மி.லீ. புள்ளி விழுந்தால் 0.8 எட்டாகிவிடும், பத்து மடங்கு. அதனால் சிங்களப் பகுதியிலும் ஆங்கிலப் பகுதியிலும் அதே வரிசையைத் தேடிப் பார்த்தேன். மூன்றிலும் 8, மூன்றிலும் 14. மூன்று மொழியால் எழுத்து சிறுத்தாலும், ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க முடிகிறது. முகப்பில் பெரிதாக 'கிராம்/லீற்றர்' என்று இருந்தது மருந்தின் செறிவு. அளவு என்று அதைப் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு.

எச்சரிக்கையில்தான் போன் முற்றாகக் கைவிட்டது. அடியிலிருந்த மஞ்சள் பட்டை, கையுறை, முகமூடி, பூட்டிய அலுமாரி எல்லாம் சித்திரங்கள். பிரித்தெடுத்த எழுத்தில் அவற்றின் சுவடே இல்லை. மஞ்சள் என்றால் நடுத்தர நச்சு. அதை நானே பார்த்துத் தட்டச்சு செய்து அனுப்பினேன்.

"கறிமிளகாய்க்கும் அடிக்கலாமா?" என்று கேட்டான். அட்டவணையில் கறிமிளகாய் இல்லை. இல்லாத பயிருக்கு அளவும் இல்லை, நாளும் இல்லை, அடிக்காதே என்றேன்.

நீங்களும் படமெடுப்பதென்றால் மூடியைத் திறக்குமுன் எடுங்கள். ஊற்றும்போது மருந்து வழிவது லேபலின் மேல்தான்.