எந்தத் தோட்டம்?

ஒலிவாங்கி முன்னால் மணிக்கணக்கில் பேசுவேன். மாநாட்டில் பெயரட்டையை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பது மட்டும் எனக்கு ஒத்துவராது. அதனால் ஆயர் குரோ மாநாட்டு மையத்தில் நிகழ்ச்சி என்றால், அரை மணி நேரம் முன்பே போய்விடுவேன். அப்போது நாலைந்து பேர்தான் இருப்பார்கள்; அவர்களும் பேச்சுத்துணை தேடுவார்கள். தேநீர் இடைவேளையில் எல்லோரும் வட்டம் கட்டி நின்றுவிட்டால், உள்ளே நுழையவே முடியாது.

நம்மவர்களிடம் பேச்சைத் தொடங்க ஒரு கேள்வி போதும்.

"நீங்க எந்தத் தோட்டம்?"

"ஜாசின் பக்கம்ங்க. இப்ப அங்க வீடெல்லாம் இல்ல."

பிறகு தொழில் பேச்சு தானாக வரும். அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போனால், நன்றி சொல்லி விலகிவிடுவேன்.

மூன்று பேர் போதும் என்பது என் கணக்கு. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்தவர்கள் 100க்கு 17 பேர்தான். மற்றவர்கள் எப்போதாவது பார்த்தவர்கள். நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். புதுச் செய்தி தூரத்து அறிமுகத்திடம்தான் இருக்கும்.

ஆனால் அந்த அறிமுகம் மறக்காமல் இருக்க வேண்டுமே! அன்றிரவே வாட்ஸ்அப்பில் எழுதுவேன். "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்றால் பதில் வருவது அபூர்வம். "நீங்கள் சொன்ன ஒலிப்பதிவுக் கருவியின் பெயர் என்ன?" என்றால் மறுநாள் காலைக்குள் வந்துவிடும்.