சிவப்பு விளக்கு மட்டும் வந்தது

என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு கார் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார். அதனால் சொந்தத்தில் யார் வண்டி முரண்டு பிடித்தாலும் வாட்ஸ்அப்பில் படம் எனக்குத்தான் வரும். கூட ஒரு வார்த்தை எழுத மாட்டார்கள்! போன மாதம் தங்கை மகள் அனுப்பியதும் அப்படித்தான். இருட்டில் சிவப்பாக ஓர் எண்ணெய்க் கிண்டி, அதன் மூக்கில் ஒரு சொட்டு. அவ்வளவே.

பார்த்தவுடன் "ஆயில் ஊத்தும்மா" என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அந்த விளக்கு காட்டுவது எண்ணெயின் அளவை அல்ல, அழுத்தத்தை. அதனால் போன் போட்டேன்.

"எங்கேடி இருக்கே?"

"திண்டிவனம் தாண்டி ஓரமா நிறுத்திட்டேன் பெரியம்மா. பாப்பா தூங்கறா."

"இன்ஜின் ஓடுதா?"

இதுதான் முக்கியமான கேள்வி. சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யாமல் இருக்கும்போது இந்த விளக்கும் பாட்டரி விளக்கும் தானே எரியும். ஸ்டார்ட் ஆனதும் சில வினாடிகளில் அணைந்துவிட வேண்டும். இன்ஜினின் சுற்றைக் காட்டும் முள் படத்தில் விழுந்திருந்தால், அது பூஜ்யத்தில் நிற்கிறதா என்று நானே பார்த்திருப்பேன். இவளோ விளக்கை மட்டும் கிட்டத்தில் பிடித்திருந்தாள்.

"ஓடுது பெரியம்மா, பாப்பாவுக்கு ஏ.சி. வேணுமே."

"முதல்ல அணை!" என்றேன். எண்ணெய் ஏறாமல் ஓடினால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும். சில நிமிடங்களிலேயே இன்ஜினைப் பிரித்துப் போடும்படி ஆகிவிடலாம். குழந்தையோடு இடதுபக்கமாக இறங்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னேன்.

விளக்கு மினுக்கியதா, நின்று எரிந்ததா? படத்தில் அது தெரியாது. முதலில் பிரேக் போடும்போது மட்டும் மினுக்கியதாம், பிறகு நின்று எரிந்ததாம். எண்ணெய் குறைந்து, அலம்பும்போது பம்புக்கு எட்டாமல் போனால் இப்படித்தான் ஆகும்.

"கடைசியா ஆயில் எப்போ மாத்தினே?"

"போன வாரம்தான்."

எனக்குத் திக்கென்றது. போன வாரம் ஊற்றியது அதற்குள் எங்கே போகும்? பத்து நிமிடம் கழித்து அளவுக்கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுக்கச் சொன்னேன். நுனியில்கூட எண்ணெய் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் வண்டிக்கு அடியில் பார்த்தால் சொட்டுச் சொட்டாக ஒழுகல்.

ஒழுகல் இல்லாமல் அளவு மட்டும் குறைந்திருந்தால், அதே ரக எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பார்க்கலாம். ஸ்டார்ட் செய்தும் விளக்கு அணையாவிட்டால் உடனே நிறுத்திவிட வேண்டும். கம்பியில் எண்ணெய் சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் பம்பு கெட்டிருக்கலாம், விளக்கின் சென்சாரே கெட்டிருக்கலாம். நடுரோட்டில் நின்று அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓட்டாமல் இருப்பதுதான் வழி. இவளுக்கோ ஊற்றினால் ஊற்றியது ஒழுகிவிடும். கட்டி இழுக்கும் வண்டியை வரவழைத்தோம்.

இவர் பிரித்துப் பார்த்தார். ஃபில்டரை மாற்றியவர், இன்ஜினில் ஒட்டியிருந்த பழைய ரப்பர் வளையத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதியதை முடுக்கியிருந்தார்.