பொங்கலோ பொங்கல், ஸ்பானிஷ் மொழியில்!

என் மூத்த பெண் ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்து அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்பவர்களில் பாதிப்பேர் ஸ்பெயின்காரர்கள். மற்றவர்கள் மெக்ஸிகோ, கொலம்பியா நாடுகளிலிருந்து வந்தவர்கள். எல்லாருக்கும் பேச்சு ஸ்பானிஷில்தான். போன பொங்கலுக்கு, "அம்மா, நீ தமிழில் ஒரு வாழ்த்து எழுதி அனுப்பு. நான் அதை ஸ்பானிஷில் மாற்றி, இரண்டையும் ஒரே அட்டையில் போட்டு எல்லாருக்கும் கொடுக்கிறேன்" என்றாள்.

நான் எழுதியது இவ்வளவுதான்: "புதுப்பானையில் புது அரிசியும் பாலும் வெல்லமும் பொங்குவதுபோல் உங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கட்டும். இனிய பொங்கல் நல்வாழ்த்துக்கள்." இந்த இரண்டு வரிக்கு மூன்று நாள் டெலிபோனில் பேச வேண்டியிருந்தது!

இரண்டாவது வரி சுலபம். அவர்கள் கிறிஸ்துமஸுக்கு "ஃபெலிஸ் நவிடாட்" என்பார்கள். ஆகையால் "ஃபெலிஸ் பொங்கல்" என்றாலே வாழ்த்து என்று தெரிந்துவிடும். பண்டிகையின் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

"பொங்கட்டும்" என்பதில்தான் சிக்கல். அடுப்பில் பால் பொங்கி வழிவதற்கு அவர்கள் சாதாரணமாகச் சொல்லும் பேச்சுக்கு, "பால் வெளியே போய்விட்டது" என்று அர்த்தம். பெண் முதலில் அதையே எழுதி, பக்கத்து நாற்காலிக்காரியிடம் காட்டியிருக்கிறாள். அவள், "அய்யோ, அடுப்பெல்லாம் பாழாயிருக்குமே!" என்றாளாம். நம் வீட்டில் மட்டும் என்ன? மற்ற நாளில் பால் பொங்கினால் துணியை எடுத்துக்கொண்டு ஓடுகிறோம். தை முதல் தேதி மட்டும்தான் "பொங்கலோ பொங்கல்" என்று கூவுகிறோம்! அந்த ஒரு நாள் விஷயம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் அந்தப் பெண்ணே "ரெபோஸார்" என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தாள். பாத்திரம் நிரம்பி வழிவதற்கும் அதுதான், மனதில் சந்தோஷம் நிரம்பி வழிவதற்கும் அதுதான். நம் "பொங்கு" மாதிரியே இரண்டு பக்கமும் பேசும் சொல். அதைப் போட்டதும் விபத்து வாழ்த்தாகிவிட்டது.

அடுத்தது வெல்லம். "சர்க்கரை என்று போட்டுவிடட்டுமா?" என்றாள். "வெள்ளைச் சர்க்கரையில் பொங்கல் ஏதடி?" என்றேன். விசாரித்தால், கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் வழக்கம் அந்தப் பக்கமும் இருக்கிறதாம். கொலம்பியாவில் அதற்கு "பனேலா", மெக்ஸிகோவில் "பிலோன்ஸீயோ". ஸ்பெயின் கடைகளிலும் பனேலா கிடைப்பதால் அந்தப் பெயரே நின்றது. பாலில் அரிசியை வேகவைத்துச் சர்க்கரையும் பட்டையும் சேர்க்கும் இனிப்பு அவர்கள் வீடுகளில் உண்டு. ஆகவே பண்டம் புரிவதில் சிரமமில்லை.

மூன்றாவது நாள் வந்த கேள்வி: "ஜனவரியில் என்ன அறுவடை?" ஸ்பெயினில் நெல் அறுப்பது செப்டம்பர் வாக்கில். அதனால் அட்டையின் கீழே, "எங்கள் ஊரில் ஆடி, ஆவணியில் விதைத்த சம்பா நெல் தையில் வீட்டுக்கு வரும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். எங்கள் அனுமந்தைப் பக்கம் தையில் எல்லாருக்கும் அறுவடை கிடையாது. மரக்காணம் உப்பளத்தில் அப்போதுதான் மழைத் தண்ணீரை இறைத்து, பாத்தியை மிதித்துச் சரிசெய்வார்கள். உப்பு வாருவது அப்புறம்தான். அந்த வீடுகளிலும் பானை பொங்கத்தான் செய்கிறது. ஆகவே, "சிலருக்கு அறுவடை, சிலருக்கு வேலை தொடக்கம்" என்றும் எழுதச் சொன்னேன்.

மாட்டுப் பொங்கலை விளக்கப் பாடே இல்லை. ஜனவரி 17 அன்று அங்கே புனித அந்தோனியார் திருநாள். வன அந்தோனியார் என்பார்களே, அவர். ஆடு, மாடு, நாய், பூனை எல்லாவற்றையும் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிப்பார்கள். "அதைப்போல" என்ற ஒரே வார்த்தை போதுமாயிருந்தது.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று, அட்டையில் வந்த வாழ்த்தை நம் எழுத்தில் தருகிறேன்:

"ஃபெலிஸ் பொங்கல்! கே லா அலெக்ரீயா ரெபோஸே என் சு காஸா, கோமோ ரெபோஸா லா லெச்சே என் லா ஓயா நுவேவா."

புதுப்பானையில் பால் பொங்குவதுபோல் உங்கள் வீட்டில் மகிழ்ச்சி பொங்கட்டும் என்று பொருள். "ஓயா" என்றால் பானை. "சு" என்பது மரியாதையான "உங்கள்". நெருங்கிய சிநேகிதிக்கானால் "து" என்று மாற்றிக்கொள்ளலாம். அரிசியும் பனேலாவும் கீழே விளக்க வரிகளில் போய்விட்டன; வாழ்த்தில் எல்லாவற்றையும் அடைத்தால் சமையல் குறிப்புபோல ஆகிவிடுகிறது என்றாள் பெண். அதுவும் சரிதானே!