பில்லில் இல்லாத வரி

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் அலுவலகங்களில் பில்லைப் பார்த்து எண் எண்ணாக டேலியில் தட்டும் வேலை குறைந்துவருகிறது. இந்தக் கட்டுரைக்காக நான் உட்கார்ந்து கவனித்த அலுவலகத்தில் பில்கள் ஸ்கேனராலும் வாட்ஸாப் படங்களாகவும் உள்ளே வருகின்றன. மென்பொருள் அவற்றைப் படித்து பார்ட்டி பெயர், ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, வரிக்கு முந்தைய தொகை, வரி, மொத்தம் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைக்கிறது. ஆனாலும் அந்தக் கட்டங்களுக்கு முன்னால் ஆட்கள் உட்கார்ந்துதான் இருக்கிறார்கள். எண்கள் வந்துவிட்ட பிறகு அவர்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி எனக்கும் இருந்தது. சில பில்கள் டெபிட், கிரெடிட்டாக மாறுவதைக் கிட்டத்தில் பார்த்த பிறகு என் முடிவு இது: கணக்கு என்ட்ரியில் பெரும்பகுதி எண்கள் பில்லிலிருந்து வருகின்றன, ஆனால் என்ட்ரியைச் சரியாக்குவது பெரும்பாலும் பில்லில் இல்லாத ஒன்று. டெபிட்டும் கிரெடிட்டும் சமமாகிவிட்டன என்பதை வைத்து அந்த ஒன்று சேர்ந்துவிட்டதா என்று சொல்ல முடியாது.

ஒரு டையிங் பில்லை எடுத்துக்கொள்வோம். துணி கம்பெனியுடையது, சாயம் ஏற்றித் தருவது மட்டும் டையிங்காரர் வேலை. 618 கிலோ, கிலோவுக்கு 85 ரூபாய், ஆக 52,530. இருவரும் தமிழ்நாட்டில் இருப்பதால் (இரண்டு ஜிஎஸ்டி எண்ணும் 33 என்றே தொடங்கும்) 5 சதவீத வரி இரண்டாகப் பிரிந்து, சிஜிஎஸ்டி 1,313.25, எஸ்ஜிஎஸ்டி 1,313.25 என்று வருகிறது. கூட்டினால் 55,156.50. அதை முழு ரூபாயாக்க 50 பைசா சேர்த்து, பில்லின் அடியில் 55,157 என்று அச்சிட்டிருக்கிறார்கள். மென்பொருள் இத்தனையையும் பிசகில்லாமல் படித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதை அப்படியே என்ட்ரியாக்கினால் டையிங் கூலி, இரண்டு உள்ளீட்டு வரி, ரவுண்ட் ஆஃப் நான்கும் டெபிட், டையிங் பார்ட்டிக்கு 55,157 கிரெடிட். இரண்டு பக்கமும் பைசா சுத்தமாக நிற்கும். ஆனாலும் என்ட்ரி தப்பு. இது ஒப்பந்த வேலைக்கான தொகை, 30,000 ரூபாயைத் தாண்டிய ஒற்றை பில். டையிங் கம்பெனி கூட்டு நிறுவனம் என்பதால் வரி சேராத 52,530-க்கு 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 1,050.60 வருகிறது, 1,051 என்று வைக்கிறார்கள். ஆகவே பார்ட்டிக்கு 54,106 கிரெடிட், டிடிஎஸ் செலுத்த வேண்டிய கணக்குக்கு 1,051 கிரெடிட். கூட்டினால் அதே 55,157. கவனிக்க வேண்டியது, இந்த ஐந்தாவது, ஆறாவது வரிகளின் தொகை இரண்டுமே பில்லில் எங்கும் அச்சாகவில்லை. வாங்குபவரின் கடமையை விற்பவர் ஏன் தன் பில்லில் அடித்துக் கொடுக்கப் போகிறார்?

‘2 சதவீதம் பிடி’ என்று மென்பொருளிடம் ஒருமுறை சொல்லிவைத்தால் போதாதா என்று கேட்கலாம். அந்த விதியின் அடுத்த பாதி அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஒரு எம்பிராய்டரி நிறுவனம் தலா 24,000 ரூபாய்க்கு பில் போடுகிறது. ஒவ்வொன்றும் 30,000-க்குக் கீழே. நான்கு பில் வரை 96,000, பிடித்தம் இல்லை. ஐந்தாவது பில் வரும்போது அந்த நிதியாண்டின் மொத்தம் 1,20,000 ஆகி, ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. தாண்டிவிட்டால் பிடித்தம் ஐந்தாவது பில்லுக்கு மட்டும் அல்ல, சேர்ந்த மொத்தத்துக்கும்: 2,400 ரூபாய். பில்லை மட்டும் பார்க்கும் நிரல் ஒன்று பிடிக்காமல் விடும், அல்லது 480 பிடிக்கும். மூன்று விடைகளிலும் டெபிட்டும் கிரெடிட்டும் சமமாகவே இருக்கும், சரியானது ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுக்கக் கையிலிருக்கும் பில் போதாது, அந்தப் பார்ட்டியின் லெட்ஜரைத் திறந்து பார்த்தாக வேண்டும். அலுவலகத்தில் இருந்தவர்கள் புது பில்லைத் திறந்தவுடன் பக்கத்துத் திரையில் லெட்ஜரையும் திறந்தது முதலில் எனக்கு வீண் சுற்றாகத் தெரிந்தது. அது வீண் சுற்று அல்ல.

சமன்பாட்டை இவ்வளவு குறைத்துப் பேசலாமா? ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இரட்டைப் பதிவு முறையின் பலமே அதுதானே என்ற மறுப்பில் நியாயம் உண்டு. கையால் எழுதிய காலத்தில் ஒரே தொகையை இரண்டு பேரேட்டுப் பக்கங்களில் தனித்தனியாக ஏற்றினார்கள், ஒன்றில் கை தவறினால் இருப்பாய்வில் தெரிந்துவிடும். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து ஒரே நிரலால் பிறக்கின்றன, போதாத தொகையை நிரலே எங்காவது வைத்து ஈடுகட்டிவிடுகிறது. 52,530-ஐ 52,580 என்று படித்துவிட்டால் கூட்டுத்தொகை 50 ரூபாய் இடிக்கும், அது நல்ல எச்சரிக்கை. ஆனால் ‘வித்தியாசம் இருந்தால் ரவுண்ட் ஆஃபில் போடு’ என்று யாரோ அமைத்து வைத்திருந்தால் அந்த 50 ரூபாயும் சத்தமில்லாமல் அங்கே போய் அடங்கும். முழு ரூபாய்க்குத் திருத்தும் கணக்கில் 50 பைசாவுக்கு மேல் எதுவும் இருக்க வழியில்லை. அதனால் ரவுண்ட் ஆஃப் லெட்ஜரைத் தொகை வாரியாக அடுக்கிப் பார்த்தாலே இந்தத் தப்புகள் மேலே மிதந்து வரும். அதைவிட நம்பகமான சோதனை, எண்களை ஒன்றோடொன்று மோதவிடுவது. 52,580-க்கு இரண்டரை சதவீதம் 1,314.50, பில்லில் இருப்பதோ 1,313.25. கிலோவை விலையால் பெருக்கினாலும் ஒத்துவராது.

திசை தவறுவது இதைவிட மோசம். டேலிக்குள் என்ட்ரியை ஏற்றும் கோப்பில் டெபிட் வரி இப்படி இருக்கும்:

```xml
<LEDGERNAME>Dyeing Charges</LEDGERNAME>
<ISDEEMEDPOSITIVE>Yes</ISDEEMEDPOSITIVE>
<AMOUNT>-52530.00</AMOUNT>
```

டெபிட்டுக்குக் கழித்தல் குறி, கிரெடிட்டுக்குக் குறி இல்லை. எல்லாத் தொகையையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும், நிரல் பார்ப்பதும் அதைத்தான். எல்லாக் குறிகளையும் தலைகீழாக்கினாலும் பூஜ்யமே வரும் என்பதில்தான் சிக்கல். நிறம் சரியில்லை என்று திருப்பிய துணிக்காக டையிங்காரர் 6,000 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் அனுப்புகிறார். பார்வைக்கு அது பில் மாதிரியேதான் இருக்கும்: அதே தலைப்பு, அதே கட்டங்கள், தொகைக்கு முன்னால் கழித்தல் குறி கிடையாது. மேலே சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு சொற்களைத் தவறவிட்டால் அது இன்னொரு கொள்முதலாக ஏறும். பார்ட்டி பாக்கி 6,000 குறைய வேண்டியது 6,000 கூடும். பார்ட்டி அனுப்பும் ஸ்டேட்மென்டோடு ஒப்பிடும்போது வித்தியாசம் 12,000 என்று நிற்கும். அப்போது அனுபவசாலிகள் தேடுவது 12,000-ஐ அல்ல, அதில் பாதியை.

கணக்குத் தலைப்பில் வரும் தப்புக்குத் திருப்பூருக்கே உரிய உதாரணம் ஒன்று உண்டு. ‘பிரிண்டிங் சார்ஜ்’ என்று பில் வருகிறது. வேறு ஊரில் அது லெட்டர்ஹெட்டும் பில் புத்தகமும் அடித்த செலவு, ‘பிரிண்டிங் அண்டு ஸ்டேஷனரி’ என்ற அலுவலகச் செலவில் போகும். இங்கே அது பெரும்பாலும் டி-ஷர்ட்டின் நெஞ்சில் ஏறிய படம், உற்பத்திச் செலவு. சொல்லைப் பார்த்துக் கணக்கைப் பொருத்தும் நிரல் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அப்படியொரு பில்லைக் காட்டி, “அக்கா, இதை எதுல போடறதுங்க?” என்று கேட்டார். “டிசி நம்பர் இருக்குதா பாரு கண்ணு. இருந்தா துணிக்கு அடிச்சது” என்றார் மூத்தவர், தலையை நிமிர்த்தாமல். துணி வெளியே போனதற்கான டெலிவரி சலான் எண் லெட்டர்ஹெட் பில்லில் இருக்க வேலையில்லை. சேவைக் குறியீடு 9988 என்று தொடங்கினாலும் அதே முடிவுக்கு வரலாம், அது பிறர் பொருள் மீது செய்யும் உற்பத்தி வேலைக்கான எண். தப்பாகப் போட்டால் என்ன, நிகர லாபம் மாறாதே என்று வாதிடலாம். மாறாதுதான். ஆனால் 8,000 பீஸ் ஆர்டரில் 40,000 ரூபாய் பிரிண்டிங் அலுவலகச் செலவுக்குப் போய்விட்டால், அந்த ஆர்டரின் அடக்கவிலை பீஸுக்கு 5 ரூபாய் குறைவாகத் தெரியும். அடுத்த முறை முதலாளி அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பையருக்கு விலை சொல்வார்.

பழைய என்ட்ரிகளைப் பார்த்து, இந்தப் பார்ட்டி என்றால் இந்தக் கணக்கு என்று மென்பொருளே பிடித்துக்கொள்ளுமே என்பதுதான் இந்த இடத்தில் வலுவான எதிர்வாதம். பெரும்பாலான பில்களுக்கு அது உண்மை, அதை மறுத்துக் கையால் எல்லாவற்றையும் தட்டச் சொல்வது வீம்பு. டையிங்காரர் டையிங் மட்டும்தான் செய்கிறார் என்றால் அவர் பெயரே கணக்கைச் சொல்லிவிடும். கம்ப்யூட்டர் கடைக்காரர் அப்படியல்ல. இந்த மாதம் டோனர் விற்கிறார், அடுத்த மாதம் பழுது பார்க்கிறார், மார்ச்சில் 60,000 ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டரே விற்கிறார். முதலிரண்டும் செலவு, மூன்றாவது சொத்து. பழைய பழக்கத்தில் அதையும் பராமரிப்புச் செலவில் தள்ளினால் அந்த ஆண்டு லாபம் குறைகிறது, சொத்துப் பட்டியலில் ஒரு கம்ப்யூட்டர் காணாமல் போகிறது. பழக்கத்திலிருந்து கற்கும் எதற்கும் இன்னொரு குணமும் உண்டு: முதல் பில்லைத் தப்பாகப் போட்டவரின் தப்பையும் அது உண்மையாக நம்பிவிடும்.

எல்லாவற்றையும் அனாமத்தில் போட்டுவிட்டு ஆண்டு முடிவில் பிரிக்கலாம், எப்படியும் ஜிஎஸ்டிஆர்-2பி காட்டிக்கொடுக்கும் என்பவர்களும் உண்டு. விற்றவர்கள் பதிவேற்றியதை வைத்து மாதாமாதம் 14-ஆம் தேதி தயாராகும் அந்தப் பட்டியல் விடுபட்ட பில்லைக் காட்டும், வரித்தொகைப் பிசகைக் காட்டும், ஸ்கேனிலும் வாட்ஸாப்பிலும் இரண்டு முறை வந்து இரண்டு முறை ஏறிய பில்லையும் காட்டும். பிரிண்டிங் துணிக்கா காகிதத்துக்கா என்பது அதற்குத் தெரியாது. டிடிஎஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, அதையோ பெரும்பாலான மாதங்களில் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். அனாமத்தில் கிடந்த பில்லை மார்ச்சில் எடுத்து, ஜூனில் வந்த இந்த 14,000 எதற்கு என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டிய மெர்ச்சண்டைசர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

ஆகவே பில்லில் இல்லாத அந்த அறிவைப் பில்லோடு சேர்த்து உள்ளே வரவைப்பதுதான் வழி என்று நினைக்கிறேன், அதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஃபேக்டரியில் பில்லை வாங்கி வைப்பவர் அதன் வலது மூலையில் பென்சிலால் ஆர்டர் எண்ணையும் ‘நெஞ்சு பிரிண்ட்’ என்றோ ‘ஆபீஸ்’ என்றோ ஒரு சொல்லையும் எழுதும் பழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. கணக்கு எழுதுபவர்கள் கண் முதலில் போவதும் அந்த மூலைக்குத்தான். நான் பார்த்த மென்பொருளில் அந்தக் கிறுக்கலுக்குக் கட்டம் இல்லை. ஸ்கேன் செய்யும்போது பென்சில் எழுத்தை அழுக்கு என்று எண்ணி அது வெளுத்துவிடுகிறது.