தராசு இல்லாத ராஜா

துணையின் இடத்தில் வாள் ராஜா விழுந்ததும், எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களில் பலர் நான் வாய் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். "கரெக்டா வந்திருக்கு மேடம், அவர் கல்லுதான்." நான் உடனே ஆமாம் போடுவதில்லை. டாரட் கட்டில் உள்ள எழுபத்தெட்டுச் சீட்டுகளில் அவசரப்பட்டுப் படிக்கக் கூடாதது என்று நான் நினைப்பது இந்தச் சீட்டைத்தான்.

நான் பயன்படுத்துவது 1909-ல் லண்டனில் வெளிவந்த ரைடர் கட்டு. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் திட்டமிட்டு, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. அதில் இந்த ராஜா நேராக நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் உறையில்லாத வாள், சற்றே சாய்ந்து நிற்கிறது. சிம்மாசனத்தின் முதுகுப் பலகையில் வண்ணத்துப்பூச்சிகள். இடது கை சும்மா மடியில் கிடக்கிறது. அந்த இடது கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெரிய சீட்டுகளில் உள்ள நீதி தேவதைக்கும் வலது கையில் வாள் உண்டு. ஆனால் அவள் இடது கையில் தராசு தொங்கும், அவள் எடை போடுவதை நாம் பார்க்கலாம். ராஜா எடை போட்டதை யாரும் பார்க்கவில்லை. விசாரணை அவர் மனதுக்குள்ளேயே முடிந்துவிட்டது, வெளியே வருவது தீர்ப்பு மட்டும். கூட வாழ்கிறவளுக்கு வலிப்பதும் அதுதான். தீர்ப்பு சரியா தவறா என்பதைவிட, தன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பது.

வெய்ட் தன் புத்தகத்தில் இந்தச் சீட்டுக்குத் தீர்ப்பு, அதிகாரம், சட்டம் என்றெல்லாம் பொருள் சொல்கிறார். தலைகீழாக வந்தால் கொடூரம் என்கிறார். ஆளை வைத்துச் சீட்டைத் தேர்ந்தெடுக்கவும் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: முடியும் கண்ணும் என்ன நிறமோ அதைப் பார்க்க வேண்டுமாம். அதன்படி பார்த்தால் மயிலாப்பூர் மாடவீதியில் நடக்கிற எல்லோருமே கறுத்த முடிக்காரர்களுக்கான நாணயச் சீட்டுக்குத்தான் போக வேண்டும். அந்த விதியை நான் எடுத்துக்கொள்வதில்லை. கபாலி கோயில் பக்கத்துக் கிளி ஜோசியத்தில் கிளி எடுத்துக்கொடுக்கும் ஒரு சீட்டே முழுப் பலனையும் சொல்லிவிடும். டாரட்டில் அப்படி இல்லை. பக்கத்துச் சீட்டுகள்தான் இந்த ராஜா யார் என்று சொல்ல வேண்டும்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு பெண் வந்தார், வங்கி ஊழியர். கணவருக்கு தி. நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை. "அவர் மனசுல எனக்கு இடம் இருக்கான்னு பாருங்க மேடம்" என்றார். ஐந்து சீட்டு வைத்தேன். இடப்பக்கம் அவர், வலப்பக்கம் கணவர், நடுவில் இருவருக்கும் இடையில் இருப்பது, கீழே பிரச்சினையின் வேர், மேலே இனி செய்யக்கூடியது.

அவர் இடத்தில் கோப்பை ஆறு: ஒரு பையன் சின்னப் பெண்ணுக்குப் பூ நிறைந்த கோப்பையைக் கொடுக்கிற படம். பிறந்த வீட்டுப் பாசத்துக்கு இதைவிடப் பொருத்தமான சீட்டு கிடையாது. கணவர் இடத்தில் வாள் ராஜா, நேராக. நடுவில் வாள் நான்கு: கல்லறை மேல் கைகூப்பிப் படுத்திருக்கும் வீரன். சண்டை நின்றிருக்கிறது, சமாதானம் வரவில்லை, பேச்சு இல்லை. வேரில் நாணயம் ஆறு.

நாணயம் ஆறில் ஒரு பணக்காரர் மண்டியிட்டவர்களுக்குக் காசு போடுகிறார். அவருடைய இன்னொரு கையில் தராசு. ராஜாவிடம் இல்லாத தராசு இங்கே, பணத்தின் பக்கத்தில் இருந்தது. அதனால் நேரடியாகவே கேட்டேன். "பணம் கேட்டு யாராவது வந்தாங்களா?"

தம்பி வந்திருக்கிறார். தொழில் கடனுக்கு அக்கா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்று. கணவர் எல்லோர் எதிரிலும் மறுத்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் பேச்சு இல்லை.

இந்த இடத்தில் நான் சீட்டை விட்டுவிட்டு ஒன்று கேட்பேன். "அவர் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க. சுருக்காதீங்க." அவர் யோசித்துச் சொன்னார்: "தம்பி கட்டலன்னா உன் சம்பளத்துலதான் கை வைப்பாங்க. இதுல நீ கையெழுத்துப் போடாதே." அவ்வளவுதான். "உங்க ஆளுங்களே இப்படித்தான்" என்றோ, "உனக்கு என்ன தெரியும்" என்றோ ஏதாவது வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். வாள் கையெழுத்தின் மேல் விழுந்திருக்கிறது, கையெழுத்துப் போடுகிறவள் மேல் விழவில்லை. அவர் சொன்னது சட்டப்படியும் சரிதான். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ம் பிரிவு, கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பை, வேறாக எழுதிக்கொள்ளாதவரை, ஜாமீன் போட்டவர் தலையிலும் வைக்கிறது.

அதற்காக அவரைக் காவல் தெய்வம் ஆக்கிவிடவும் எனக்கு மனமில்லை. முந்தின நாள் ராத்திரி சமையலறையில் சொல்லியிருக்க வேண்டியதைத் தம்பி முன்னால் சொன்னது குளிர்ச்சிதான். தெளிவும் இரக்கமின்மையும் ஒரே வாக்கியத்தில் இருக்கலாம். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னால் கேட்பவருக்கு அரைப் பலன்தான் போகும்.

மேலே வந்தது வாள் ராணி. அவள் பக்கவாட்டில் வலப்புறம் பார்க்கிறாள், அந்த அமைப்பில் அது ராஜா இருந்த பக்கம். ஒரு கையில் வாள் செங்குத்தாக நிற்க, மறு கையை நீட்டி, வா, சொல் என்கிறாள். அவரிடம் நான் சொன்னது இதுதான்: மன்னிப்பு கேட்காதீர்கள், கேட்க வைக்கவும் வேண்டாம், கணக்கைக் கேளுங்கள். பிறகு வேறு விஷயமாக வந்தபோது சொன்னார். கணவர் ஒரு தாளில் தவணை, வட்டி எல்லாம் எழுதிக் காட்டினாராம். அந்தப் பெண் ஜாமீன் போடவில்லை. தன் சேமிப்பிலிருந்து ஒரு தொகையைத் தம்பிக்குக் கொடுத்தார், கணவர் அதைத் தடுக்கவில்லை.

இதே ராஜா அடையாறிலிருந்து வந்த இன்னொரு பெண்ணுக்கும் விழுந்தார். அவர் இடத்தில் வாள் எட்டு: கண்ணும் கையும் கட்டப்பட்டு வாள்களுக்கு நடுவே நிற்கும் பெண். சம்பள ஏடிஎம் கார்டு கணவரிடம் இருந்தது. "என் நல்லதுக்குத்தான்னு சொல்றார்" என்றார். கேட்கவும் பாதுகாப்பு போலத்தான் இருக்கிறது. அப்போது இரண்டு கேள்விகள் போதும். அந்தச் சட்டம் அவருக்கும் உண்டா, அவர் கார்டு உங்களிடம் இருக்கிறதா? நீங்கள் வேண்டாம் என்றால் என்ன ஆகும்? இரண்டாவது கேள்விக்கு அவர் பதில் சொல்லாமல் கதவைத் திரும்பிப் பார்த்தார். நான் சீட்டுகளை எடுத்து உறையில் போட்டுவிட்டேன்.

எந்தச் சீட்டும் அங்கே இல்லாத கணவரின் மனதைக் காட்டாது. எதிரே இருப்பவர் அவரை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பேச வைக்கும், அவ்வளவே. பயம் என்ற சொல் வந்துவிட்டால் அது டாரட் பார்ப்பவரிடம் தீர்கிற காரியம் இல்லை. 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் அல்ல, வார்த்தையால் நோகடிப்பதையும் பணத்தை முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. தமிழ்நாட்டில் பெண்களுக்கான உதவி எண் 181. என்னைப் போலச் சீட்டு வைக்கிறவர்கள் இந்த எண்ணை மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.