காதுக்குள் ஒரு கரப்பான்

ராத்திரி ஒன்றே முக்கால் மணி. கரண்ட் கட். புழுக்கம் தாங்காமல் கட்டிலை விட்டு இறங்கி, ஹாலில் வெறும் தரையில் பாயைப் போட்டுப் படுத்திருந்தேன். லேசாகக் கண் அசந்த நேரத்தில் வலது காதில் ஏதோ குறுகுறுத்தது. கொசு என்று நினைத்துத் தட்டினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்த விருந்தாளியை நானே உள்ளே தள்ளிவிட்டேன்.

அடுத்த நொடி கேட்ட சத்தம் இருக்கிறதே... பக்கத்து ரூமில் இரும்பு பீரோவைத் தரையில் இழுத்தால் எப்படி இருக்கும்? அது தலைக்குள் நடந்தது. நடுவில் சுருக்கென்று ஒரு வலி. கொஞ்ச நேரம் அமைதி. மறுபடியும் பீரோ.

அலறி எழுந்து உட்கார்ந்தேன். மூளைக்குள் போய்விடும் என்று பயம். பி.காம். படித்தவனுக்குக் காதைப் பற்றி என்ன தெரியும்? இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடலாம் என்பது மட்டும்தான். இருட்டில் துழாவியதில் முதலில் கைக்குக் கிடைத்தது பால்பாயிண்ட் பேனாவின் மூடி. அதன் கிளிப்பைக் காதுக்குள் விடப் போன நேரத்தில் மனைவி டார்ச்சோடு வந்து கையில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"என்னங்க பண்றீங்க? காதைக் கெடுத்துக்கவா?"

எங்கள் மாடி போர்ஷனில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தார். தெருவே அவரை சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். மனைவி போய் எழுப்பிக் கூட்டி வந்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டு ஹாலில் குதித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, முதல்ல உட்காருங்க. அது மூளைக்கெல்லாம் போகாது. காதுத் துவாரம் ஒரு இஞ்ச்தான். அதுக்கப்புறம் செவிப்பறை, செவுரு மாதிரி அடைச்சிருக்கு. நீங்க ஆட ஆட அதுவும் மிரண்டு பிறாண்டும்" என்றார்.

பாதி உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் சந்தேகம். "வந்த வழியே திரும்பிப் போகாதாம்மா?"

"அந்தச் சந்துல அதுக்குத் திரும்ப இடமில்லை. காலெல்லாம் முள்ளு. பின்னாடி வரப் பார்த்தா மாட்டிக்கும். அதனால முன்னாடிதான் போகப் பார்க்கும்."

டார்ச்சைக் காதில் அடித்தால் வெளியே வந்துவிடாதா என்றாள் மனைவி. "விட்டில் பூச்சின்னா ஒருவேளை வரலாம். கரப்பானா இருந்தா வெளிச்சத்தைக் கண்டு ஓடும். ஓடறதுக்கு உள்ளே மட்டும்தானே வழி?" என்று அணைக்கச் சொன்னார். உப்புத் தண்ணீர் விடலாமா என்று அடுத்த யோசனை. அதுவும் வேண்டாம். கரப்பான் தண்ணீரில் சுலபத்தில் சாகாதாம். பூச்சி மூக்கால் மூச்சு விடுவதில்லை. உடம்பின் இரண்டு பக்கமும் உள்ள நுண்ணிய துளைகளால் விடுகிறது. அந்தத் துளைகளை எண்ணெய்தான் சட்டென்று அடைக்கும்.

எண்ணெய்க் கிண்ணம் வந்தது. ஆனால் சிஸ்டரம்மா அதைத் தொடவில்லை. வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை ஆரம்பித்தார்.

"சின்ன வயசுல காதுல சீழ் வந்திருக்கா? காதுல ஆபரேஷன்? செவிப்பறையில ஓட்டைன்னு எந்த டாக்டராவது சொன்னாரா? இப்ப ரத்தமோ நீரோ வடியுதா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றோ, 'தெரியலை' என்றோ சொல்லியிருந்தால் ஒரு சொட்டுக்கூட விடாமல் நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பாராம். ஓட்டை இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிவிடும். குழந்தைகளுக்கு வைக்கும் சின்னக் குழாய் காதில் இருந்தாலும் இதே கதைதான்.

நல்லெண்ணெயை லேசாகச் சூடு காட்டி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். சூடோ குளிர்ச்சியோ தெரியக் கூடாது, உடம்புச் சூடு இருந்தால் போதும். கொதித்தது சுட்டுவிடும். ரொம்ப ஜில்லென்று இருந்தாலும் தலை கிறுகிறுவென்று சுற்றும். உடம்பை நேராக நிறுத்தும் உறுப்பு உள்காதில்தான் இருக்கிறது.

இடது பக்கமாகப் படுக்கச் சொன்னார். வலது காதுமடலை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தார். வளைந்த துவாரம் அப்போதுதான் நேராகுமாம். (சின்னக் குழந்தை என்றால் கீழாகவும் பின்னாலும் இழுக்க வேண்டும்.) சொட்டுச் சொட்டாக எண்ணெய் நிரம்பியது. முதல் அரை நிமிஷம் பீரோ ஊழித்தாண்டவம் ஆடியது. பிறகு மெதுவாக... பிறகு இல்லை. அந்த நிசப்தத்தை நான் இதுவரை எந்தக் கோயிலிலும் அனுபவித்ததில்லை.

பத்து நிமிஷம் கழித்துக் காதைக் கீழே சாய்த்தேன். எண்ணெய் மட்டும்தான் வந்தது. "பட்ஸ் விட்டு எடுத்துடலாமா?" என்றேன்.

சிஸ்டரம்மா முறைத்தார். "செத்தது காலையில வரைக்கும் அங்கேயே கிடக்கட்டும். ஒண்ணும் ஆகாது. பட்ஸ், ஹேர்பின், தீக்குச்சி, சாவி எதை விட்டாலும் அதை உள்ளேதான் தள்ளும். நடுவுல ஒரு குறுகலான இடம் இருக்கு. அதைத் தாண்டிட்டா எடுக்கறது பெரும்பாடு."

தாங்க முடியாத வலி, ரத்தம், தலைசுற்றல், காது கேட்காமல் போவது, இதில் ஏதாவது இருந்தால் மட்டும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

காலையில் ஈ.என்.டி. டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடியே மெல்லிய இடுக்கியை விட்டு, இரண்டே நிமிஷத்தில் வெளியே எடுத்தார். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கரப்பான் குஞ்சு. இத்தனூண்டுதானா! ஒரு கால் பாக்கி இருக்கிறது என்று திரும்பவும் தேடி அதையும் எடுத்தார். மிச்சம் இருந்தால் சீழ் பிடிக்குமாம். "நல்லவேளை, எதையும் விட்டுக் குத்தலை" என்றார். பேனா மூடி சமாச்சாரத்தை நான் சொல்லவில்லை.

குத்தியிருந்தால்? அதற்கு ஒருவர் சரித்திரத்தில் இருக்கிறார். ஜான் ஹானிங் ஸ்பீக், நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆப்பிரிக்காவில் அலைந்த ஆங்கிலேயர். 1858-ல் டாங்கனிகா ஏரிப் பயணத்தில், ஒரு புயல் ராத்திரி கூடாரத்தில் மெழுகுவத்தி ஏற்றினார். வண்டுகள் படையெடுத்தன. தட்டித் தட்டி ஓய்ந்துபோய்த் தூங்கியவரின் காதில் ஒன்று புகுந்துவிட்டது. மனிதர் முதலில் உருக்கிய வெண்ணெயை ஊற்றிப் பார்த்தார். பலிக்கவில்லை. அடுத்து எடுத்தது பேனாக் கத்தி.

வண்டு செத்தது. கூடவே காதும் போயிற்று. சீழ் பிடித்து, முகம் கோணி, பல நாள் மெல்ல முடியாமல் வெறும் கஞ்சி மாதிரி ஆகாரம். மூக்கைச் சிந்தினால் காது வழியாகக் காற்று விசிலடிக்குமாம். வண்டின் கால், இறக்கைத் துணுக்குகள் ஆறேழு மாசம் கழித்தும் காது அழுக்கோடு வந்துகொண்டிருந்தன. இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே வருஷம் விக்டோரியா ஏரியைக் கண்டு உலகப்புகழ் பெற்ற மனிதர், அந்தப் பெருமையை ஒற்றைக் காதால்தான் கேட்டிருப்பார்.

இதைப் படித்த அன்றைக்கு மனைவியிடம் சொன்னேன். "அவர் கூடாரத்துல கையில் அடிக்க ஆள் இல்லை போல" என்றாள்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். எண்ணெய் வைத்தியம் உயிருள்ள பூச்சிக்கு மட்டும்தான். குழந்தை காதில் பட்டாணியையோ மணியையோ போட்டுக்கொண்டால் எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். பட்டாணி ஊறிப் பெருத்துக்கொள்ளும். பொம்மையிலும் கடிகாரத்திலும் இருக்கிற பொத்தான் பேட்டரி என்றால் விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது; சில மணி நேரத்தில் உள்ளே அரித்துவிடும். என்ன போயிற்று என்றே தெரியாவிட்டாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போதும் ராத்திரி எச்சில் பாத்திரம் ஸிங்க்கில் கிடப்பதில்லை. கடைசிப் பாத்திரம்வரை கழுவி வைப்பது யார் என்று கேட்காதீர்கள். வலது காதுக்கு மட்டும் அந்தப் பயம் இன்னும் போகவில்லை.